கேபிள்காரரிடம் கோளாறை எப்படிச் சொல்வது?

கேபிள் உதவி மையத்துக்குப் போன் செய்து ‘டி.வி. தெரியல’ என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவருக்கு அதில் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் தெரியும். பணம் கட்டாததால் சேனல் நின்றிருக்கலாம். செட்டாப் பாக்ஸ் கெட்டிருக்கலாம். பாக்ஸுக்கும் டி.வி.க்கும் நடுவில் இருக்கும் ஒயர் கழன்றிருக்கலாம். மொட்டைமாடியில் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். தெருவுக்கே சிக்னல் நின்றிருக்கவும் கூடும். இவற்றில் எது என்று அவர் வீட்டுக்கு வராமலே ஓரளவு ஊகிக்க முடியும். அதற்கு வேண்டிய தகவல், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது.

வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பல வீடுகளில் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும், பதிவான செல்போன் எண்ணும் அவருடையதாகவே இருக்கும். ஒயர் எந்த வழியாக வருகிறது என்பது முன்பு குடியிருந்தவருக்குத்தான் தெரியும். எனவே அழைப்பதற்கு முன் செட்டாப் பாக்ஸைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வி.சி. எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பெயர் யாருடையதாக இருந்தாலும் அந்த எண்ணை வைத்து இணைப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து ஒரு சின்னப் பரிசோதனை. திரையில் No Signal என்று வந்தால் பலரும் கேபிள் போய்விட்டது என்றே நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தியை டி.வி.யும் காட்டும், செட்டாப் பாக்ஸும் காட்டும். யார் காட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள பாக்ஸின் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்த வேண்டும். பாக்ஸின் மெனு திரையில் வந்தால் பாக்ஸும் டி.வி.யும் பேசிக்கொள்கின்றன, குறை கேபிள் பக்கம். மெனுவே வரவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்ல இன்னும் காரணமில்லை. யாரோ டி.வி. ரிமோட்டில் வேறு ஹெச்.டி.எம்.ஐ. பொத்தானை அழுத்தியிருப்பார்கள், அல்லது ஒயர் தளர்ந்திருக்கும். இந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தாலே சில புகார்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

படம் வருகிறது, ஆனால் உடைகிறது என்றால் கதை வேறு. அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். பொறுத்துக்கொண்டு பார்க்கலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் ஓர் எல்லைக்கு மேல் இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தொட்டதும் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், குரல் அறுந்து அறுந்து வரும். இன்னும் சற்றுக் குறைந்தால் திரை கறுத்துவிடும். ஆகவே ‘நேற்று வரைக்கும் நல்லா வந்ததே’ என்பது லைன் நேற்று நன்றாக இருந்தது என்பதற்குச் சாட்சியாகாது. நேற்று அது விளிம்பில் நின்றிருக்கலாம்.

எந்தச் சேனல் உடைகிறது என்பதுதான் சொல்ல வேண்டியவற்றில் மிக முக்கியமானது. கேபிளில் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக வருவதில்லை. ஒரே அலைவரிசையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்புகிறார்கள். எல்லாக் கட்டுகளும் ஒரே ஒயரில், வெவ்வேறு அலைவரிசைகளில் வருகின்றன. ரிமோட்டில் அழுத்தும் சேனல் எண்ணுக்கும் இந்தக் கட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். 214உம் 231உம் ஒரு கட்டில் இருக்கும், நடுவில் உள்ள 220 வேறொன்றில் இருக்கும். ஒரு கட்டு மட்டும் உடைந்தால் அந்த அலைவரிசையில்தான் கோளாறு. உயர்ந்த அலைவரிசைகள் ஒயரில் போகப்போக அதிகம் தேய்கின்றன. எனவே ஒயர் நீளமானாலும், அதற்குள் ஈரம் இறங்கினாலும் பெரும்பாலும் முதலில் அடிபடுவது அவைதான்.

கீழே வருவது மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஒரு பெண்மணிக்கும் உதவி மைய ஊழியருக்கும் நடக்கும் உரையாடலின் மாதிரி. ஐப்பசி மழை தொடங்கிய சமயம்.

உதவி மையம்: வணக்கம் மேடம், சொல்லுங்க.

குடித்தனக்காரர்: வணக்கம் சார். கேபிள் கம்ப்ளெயின்ட் ஒண்ணு பதிவு பண்ணணும். கனெக்ஷன் ஹவுஸ் ஓனர் பேர்ல இருக்கு. நான் மாடியில வாடகைக்கு இருக்கேன். வி.சி. நம்பர் எடுத்து வச்சிருக்கேன், சொல்லட்டுமா?

உதவி மையம்: சொல்லுங்க மேடம்… சரி, வந்துடுச்சு. பேக்கேஜ் ஆக்டிவ்லதான் இருக்கு. என்ன பிரச்னை?

குடித்தனக்காரர்: மூணு சேனல்ல படம் கட்டம் கட்டமா உடையுது, குரல் விட்டு விட்டு வருது. 214, 219, 231. மத்த சேனல் எல்லாம் சுத்தமா இருக்கு.

உதவி மையம்: எப்பலேர்ந்து?

குடித்தனக்காரர்: மூணு நாளா. மழை பெய்ய ஆரம்பிச்ச அன்னிக்கு ராத்திரிலேர்ந்து. மழை விட்டு வெயில் அடிச்சா மதியத்துக்கு மேல கொஞ்சம் தேவலை. திரும்ப மழை வந்தா உடையுது.

உதவி மையம்: பாக்ஸ் மெனுல சிக்னல்னு ஒரு பக்கம் இருக்கும், பாத்தீங்களா?

குடித்தனக்காரர்: பாத்தேன். 214 வச்சுட்டுப் பாத்தா குவாலிட்டி 20க்கும் 35க்கும் நடுவுல ஆடுது. 104ல வச்சா 80ல அசையாம நிக்குது.

உதவி மையம்: கீழ் வீட்லயும் நம்ம கேபிள்தானா? அங்கயும் இப்படி இருக்கா?

குடித்தனக்காரர்: அதே கேபிள்தான். அங்க 214 நல்லா வருது. நேத்து எங்க பாக்ஸைக் கீழ எடுத்துட்டுப் போய் அவங்க ஒயர்ல மாட்டிப் பாத்தோம். அங்கயும் நல்லாத்தான் வந்துச்சு.

உதவி மையம்: அப்ப பாக்ஸ் சரியா இருக்கு. உங்க வீட்டுக்குள்ள ஒயர் எப்படி வருதுன்னு பாத்தீங்களா? நடுவுல ஏதாவது ஜாயின்ட் இருக்கா?

குடித்தனக்காரர்: பீரோவுக்குப் பின்னால சின்ன டப்பா ஒண்ணு இருக்கு. ஒரு ஒயர் உள்ள போகுது, ஒண்ணு எங்க பாக்ஸுக்கு வருது. இன்னொரு துளை காலியா இருக்கு.

உதவி மையம்: ஸ்ப்ளிட்டர் மேடம். முன்னாடி இருந்தவங்க ரெண்டு டி.வி. வச்சிருப்பாங்க. நீங்க கழட்ட வேணாம், டெக்னீஷியன் வந்து பாப்பார். கம்ப்ளெயின்ட் நம்பர் தர்றேன், எழுதிக்கிறீங்களா?

குடித்தனக்காரர்: சொல்லுங்க. மொட்டைமாடிச் சாவி ஓனர்கிட்ட இருக்கு சார். அவங்க சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேலதான் இருப்பாங்க. அதுக்கு மேல வரச் சொல்லுங்க.

இந்தப் பெண்மணி கோளாறு என்ன என்று எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கலாம். ‘பாக்ஸ் போயிடுச்சு, மாத்திக் குடுங்க’ என்று தொடங்கியிருந்தால் ஊழியர் அதையே எழுதிக்கொள்வார். டெக்னீஷியன் ஒரு பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார், படம் அப்போதும் உடையும். பார்த்ததைச் சொல்வதும் காரணத்தைத் தீர்மானிப்பதும் இரண்டு வேலைகள், முதலாவதுதான் அழைப்பவருடையது.

அவர் சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கோளாறு இருக்கும் இடம் தானாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. மெனுவில் எண் தெரிந்ததால் பாக்ஸுக்கும் டி.வி.க்கும் நடுவில் குறையில்லை. பேக்கேஜ் நடப்பில் இருப்பதால் பணப் பிரச்னை இல்லை. கீழ் வீட்டில் அதே சேனல் நன்றாக வருவதால், தெருவிலிருந்து வீடுவரை வரும் லைன் பெரும்பாலும் சரி. மாடி பாக்ஸ் கீழ் ஒயரில் வேலை செய்ததால் பாக்ஸும் சரி. மிஞ்சுவது மொட்டைமாடியில் லைன் பிரியும் இடத்திலிருந்து மாடி வீட்டு பாக்ஸ் வரைக்கும் உள்ள ஒயரும் இணைப்புகளும் மட்டுமே. டெக்னீஷியனின் அரை மணி நேர வேலை போனிலேயே முடிந்துவிட்டது.

மெனுவில் தெரியும் 20, 80 போன்ற எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவை பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும். ஒரு கம்பெனியின் 60 இன்னொன்றில் 40 ஆகத் தெரியலாம். பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே பாக்ஸில் நல்ல சேனலுக்கும் உடையும் சேனலுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். பாக்ஸைக் கீழே கொண்டுபோய்ச் சோதிக்கும்போதும் முழு பாக்ஸாகத்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே இருக்கும் கார்டை மட்டும் உருவி வேறு பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் கார்டையும் பாக்ஸையும் ஜோடி சேர்த்தே பதிவு செய்கிறார்கள்.

இத்தகைய வீட்டில் டெக்னீஷியன் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்ப்பார். ஒன்று மொட்டைமாடி. அங்கே ஒயர் முனையில் முறுக்கப்பட்ட கனெக்டர் வெயிலிலும் மழையிலும் கிடந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மழையில் ஈரம் இறங்கும், வெயிலில் காயும். படம் மதியம் தேறி ராத்திரி உடைவதன் காரணம் அதுதான். மற்றது பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்ப்ளிட்டர். இரண்டு பக்கமும் டி.வி. இருக்கிறதா என்று ஸ்ப்ளிட்டருக்குத் தெரியாது. ஒரு துளை காலியாக இருந்தாலும் வரும் சிக்னலைப் பாதியாகப் பிரித்துத்தான் தரும். முன்பு குடியிருந்தவர் காலி செய்துபோன பிறகும் அவருடைய இரண்டாவது டி.வி.க்கான பங்கு வீணாகிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இழப்போடு லைன் விளிம்பில் நின்றது. மழை அதைக் கீழே தள்ளியது.

ஸ்ப்ளிட்டரை மட்டும் எடுத்தால் படம் உடனே தெளிந்துவிடும், கனெக்டரை மாற்றாமல் போகவும் வாய்ப்புண்டு. அப்படிப் போனால் அடுத்த பெருமழையில் அதே 214 மறுபடியும் உடையும். அதனால் வேலை முடிந்ததும் ‘மொட்டைமாடியில் என்ன மாற்றினீர்கள்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகார் எண்ணை எழுதி வாங்குவதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மறுபடி அழைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. புகார் முடிந்தது என்று சொல்வதற்கு முன், டெக்னீஷியன் வீட்டில் இருக்கும்போதே 214, 219, 231 மூன்றையும் வைத்து, சிக்னல் பக்கத்தில் எண் ஏறி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.