கேதார்நாத் தங்கமும் ஒரு மறுப்பு அறிக்கையும்

வதந்திக்கு எடை கிடையாது. அதை மறுப்பவர்களுக்கோ கிராம் கணக்கில் பதில் சொல்ல வேண்டிய நிலை. 2023 ஜூனில் பத்ரிநாத்-கேதார்நாத் கோயில் கமிட்டிக்கு நேர்ந்தது இதுதான். கேதார்நாத் கருவறைச் சுவர்களில் தங்கத் தகடு பதிக்கும் வேலை 2022 அக்டோபரில் முடிந்திருந்தது. எட்டே மாதத்தில், தங்கம் பித்தளையாகிவிட்டது, ரூ. 125 கோடி மோசடி என்று புரோகிதர் ஒருவர் குற்றம்சாட்ட, விவகாரம் நாடெங்கும் பரவியது.

கமிட்டி வெளியிட்ட விளக்கம் எடையில் தொடங்கியது. பதிக்கப்பட்ட தங்கம் 23,777.800 கிராம், அன்றைய மதிப்பு ரூ. 14.38 கோடி. அதைத் தாங்கும் செப்புத் தகடுகள் 1,001.300 கிலோ. தகட்டின் பெரும்பகுதி செம்பு என்பதைக் கமிட்டியே சொல்லிவிட்டதால், ‘உள்ளே வேறு உலோகம்’ என்ற பேச்சு ரகசியக் கண்டுபிடிப்பாக இல்லாமல் போனது.

இந்த எண்களை வைத்து யாரும் கணக்குப் போடலாம். கமிட்டி சொன்ன மதிப்புப்படி ஒரு கிராம் சுமார் ரூ. 6,050. அந்த விலையில் ரூ. 125 கோடிக்குத் தங்கம் வாங்கினால் 206 கிலோவுக்கு மேல் வரும். ஆக, குற்றச்சாட்டு உண்மையாக இருக்க வேண்டுமானால், கமிட்டி சொன்னதைப் போல் எட்டு மடங்குக்கும் அதிகமான தங்கம் கோயிலுக்கு வந்திருக்க வேண்டும்.

அடுத்தது, பணம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி. கொடையாளியே தகடுகளை வாங்கி, தன் பொற்கொல்லரைக் கொண்டு வேலையை முடித்தார். பிறகு பில்களைக் கமிட்டியிடம் கொடுத்தார். அவை இருப்புப் பதிவேட்டில் ஏறின என்றது விளக்கம். காணிக்கைப் பணம் இதில் புழங்கவே இல்லை என்பதே வாதம்.

ஆனால் வாதத்தின் பலவீனமும் அதே இடத்தில்தான். தங்கத்தை வாங்கியவர், வேலை வாங்கியவர், பில் கொடுத்தவர் எல்லாம் ஒரே தரப்பு. பதிவேட்டில் இருப்பது பில்லில் கண்ட எடை. சுவரில் ஏறும் முன் மூன்றாம் தரப்பு நிறுத்துப் பார்த்து, உரைத்துப் பார்த்துக் கொடுத்த சான்று ஒன்று அறிக்கையோடு வந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது. எதிராளிகளின் சதி என்று சாடியதும் உதவவில்லை. சதி என்ற சொல் எடைச் சான்றாகாது.

கடைசியில் கார்வால் கமிஷனர் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பொற்கொல்லர்களும் அதில் இடம்பெறுவார்கள் என்றார் மாநில அமைச்சர். வதந்தியோ ஓயவில்லை. 2024 ஜூலையில் சங்கராச்சாரியார் அவிமுக்தேஸ்வரானந்த் 228 கிலோ தங்கம் காணோம் என்றார். கமிட்டி ஆதாரம் கேட்டது. கோடியில் ஆரம்பித்த புகார் கிலோவுக்கு மாறியிருந்தது. கமிட்டியின் கையில் இருந்ததோ அதே 23,777.800 கிராம்.