கிரியேட்டின் எடுத்தா கொழுப்பு குறையாதா? வெயிங் மெஷின் மறைக்கும் உண்மை!

சோறு பாதி. பஜ்ஜி, போண்டாவுக்குத் தடா. வாரத்துக்கு நாலு நாள் ஜிம். எல்லாம் சரியாத்தான் போயிட்டிருந்தது. கிரியேட்டின் ஆரம்பிச்சு இரண்டு வாரம் கழிச்சு மெஷின்ல ஏறி நின்னா, எடை குறையறதுக்குப் பதிலா கூடியிருக்கு. `போச்சு, கொழுப்பு ஏறிடுச்சு'னு அன்னைக்கே டப்பாவை மூடி வைக்கிறவங்கதான் அதிகம். அங்கதான் தப்பு பண்றோம்.

ஏறியது என்ன?

கிரியேட்டின் நம் உடம்பே தயாரிக்கிற பொருள்தான். மீன், இறைச்சியிலும் இருக்கிறது. இதில் பெரும்பகுதி தசைகளுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. பவுடராக எடுக்கும்போது அந்தச் சேமிப்பு கூடும். கூடவே தண்ணீரையும் தசைக்குள் இழுத்துக்கொள்ளும். முதல் சில வாரங்களில் ஒரு கிலோ வரை, சிலருக்கு அதற்கு மேலும் எடை ஏறுவது இதனால்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தசையில் இருப்பு குறைவு என்பதால், இந்த ஏற்றம் கொஞ்சம் அதிகமாகவே தெரியலாம்.

கொழுப்பு குறைவதைத் தீர்மானிப்பது, சாப்பிடும் கலோரிக்கும் செலவாகும் கலோரிக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்தக் கணக்கில் கிரியேட்டின் கை வைப்பதில்லை. கொழுப்பைக் கரைப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கார்த்திக்னு ஒருத்தர், 82 கிலோனு வெச்சுக்கங்க. தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார். வாரத்துக்குச் சுமார் 450 கிராம் கொழுப்பு போகும். டயட் தொடங்கிய அன்றே கிரியேட்டினும் ஆரம்பிக்கிறார். இரண்டு வாரத்தில் 900 கிராம் கொழுப்பு போயிருக்கிறது, 1.2 கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது. மெஷின் காட்டுவது 82.3. டேப்பை எடுத்து இடுப்பை அளந்தால், 94 சென்டிமீட்டர் 93 ஆகியிருக்கிறது. இரண்டில் எதை நம்பணும்? டேப்பைத்தான்.

தண்ணீர் ஓர் அளவோடு நின்றுவிடும். கொழுப்பு தொடர்ந்து குறையும். ஆறாவது வாரம் அதே கார்த்திக் 80.5 கிலோவில் இருப்பார்.

ஆனா, இரண்டாவது வாரமே பயந்துபோய் சோற்றை இன்னும் குறைச்சு, வெயிட் தூக்குறதை விட்டுட்டு டிரெட்மில்லே கதினு ஓடினா? எடை குறையும். கூடவே தசையும் போகும்.

தசையை எப்படிக் காப்பாற்றுகிறது?

கலோரி குறையும்போது, வேலை கொடுக்காத தசையை உடம்பு செலவாக்கத் தொடங்கும். `இது எனக்கு வேணும்' என்று உடம்புக்குச் சொல்வது, கனமான வெயிட் தூக்கும் பயிற்சிதான். டயட்டில் தெம்பு குறைவதால் அங்கேதான் முதலில் தடுமாறுவோம். ஸ்குவாட்டில் எட்டு முறை செய்தவர் ஐந்தோடு நின்றுவிடுவார். தசைக்கு நொடிநேர சக்தியை வேகமாகத் திருப்பித் தருவது கிரியேட்டினின் வேலை. அதனால் அந்த ஏழாவது, எட்டாவது முறையைத் தக்கவைக்க உதவும்.

ஆக, தசையை நேரடியாகக் காப்பது பயிற்சியும் புரதமும். கிரியேட்டின் பயிற்சிக்குத் துணை, அவ்வளவே. ஜிம்முக்கே போகாமல் பவுடரை மட்டும் குடித்தால் பெரிய பலன் இருக்காது. இன்னொன்று, உடல் அமைப்பை அளக்கும் ஸ்கேன்கள் தசைக்குள் இருக்கும் தண்ணீரையும் கொழுப்பில்லாத எடையாகவே கணக்கிடும். `ஒரே மாசத்துல ஒன்றரைக் கிலோ தசை'னு ரிப்போர்ட் வந்தா, அதுல ஒரு பங்கு தண்ணீர்தான்.

எப்படி எடுப்பது?

கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தினமும் 3 முதல் 5 கிராம். ஜிம் இல்லாத நாளிலும் எடுக்கணும், நேரம் முக்கியமில்லை. மூன்று, நாலு வாரத்தில் தசையின் சேமிப்பு நிரம்பிவிடும். தினமும் 20 கிராம் என ஒரு வாரம் எடுக்கும் `லோடிங்' முறை டயட்டில் தேவையில்லை. அது எடையைச் சட்டென்று ஏற்றி பயமுறுத்தும். சிலருக்கு வயிற்றையும் கலக்கும்.

வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் ஆகியும் டேப்பும் மெஷினும் அசையவே இல்லையா? தப்பு டப்பாவில் இல்லை, தட்டில் இருக்கிறது.

யார் கவனமாக இருக்கணும்?

சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். உடம்பில் கிரியேட்டின் சிதைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது. அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் அந்த எண் கூடுதலாகத் தெரியலாம். சொல்லாமல் விட்டால் தேவையில்லாத பயம். சொன்னால், வேறு பரிசோதனை வைத்து உறுதி செய்துகொள்ள மருத்துவருக்கு வழி இருக்கிறது.