படி மூன்று, நாற்காலி உண்டு

யோகா மையத்தின் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஓர் இளம்பெண் ஒரு காலைத் தலைக்குப் பின்னால் தூக்கி வைத்திருக்கும் படம். கீழே, "வயது ஒரு தடையல்ல! 60 வயதிலும் முடியும்! முதியோருக்கான எளிய பயிற்சிகள் அன்போடு கற்றுத்தரப்படும்." எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இதைப் படித்தால் என்ன நினைப்பார்? "60 வயதிலும்" என்பதில் உள்ள அந்த "உம்" அவரை முதலிலேயே வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. "அன்போடு" என்பது பால்வாடிக்குப் பொருந்தும். அவர் கேட்டது அன்பை அல்ல, தகவலை.

அவர் மனதில் ஓடும் கேள்விகள் மிகவும் சாதாரணமானவை. தரையில் உட்கார வேண்டுமா, உட்கார்ந்தால் எதைப் பிடித்து எழுந்திருப்பது? மாடிப்படி ஏற வேண்டுமா? கழிப்பறை எப்படிப்பட்டது? சேலையோடு வரலாமா? என்னைவிட இருபது வயது சின்னவர்கள் நடுவில் நான் மட்டும் திணறிக்கொண்டிருப்பேனா? இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த நோட்டீஸில் பதில் இல்லை. "முடியும், முடியும்" என்று தட்டிக்கொடுக்கும் வாக்கியங்கள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. என் கருத்தில் இந்த வகை எழுத்தின் சாரம் இதுதான்: தைரியம் சொல்வதை விட்டுவிட்டு விவரம் சொல்ல வேண்டும். விவரம் கையில் இருந்தால் தனக்கு ஒத்துவருமா என்று அவரே முடிவு செய்வார். மரியாதை அங்கேதான் இருக்கிறது.

வகுப்பின் பெயரில் தொடங்கலாம். "சீனியர் சிட்டிசன் யோகா" என்று பெயர் வைத்தால், வருகிறவர் வாசலிலேயே ஒரு முத்திரையைக் குத்திக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இடுப்பும் தோளும் இறுகிப்போன முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் அந்தப் பெயர் கதவை அடைத்துவிடும். அவர் குனிந்தாலும் கை முழங்காலைத் தாண்டாது. உடம்பு இறுகுவதற்கு வயது ஒன்றே காரணமில்லை. யார் வரலாம் என்பதைப் பெயராக வைக்காமல், என்ன நடக்கிறது என்பதை வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. "நாற்காலி வகுப்பு" அல்லது "நிதான வகுப்பு, காலை 7 மணி" என்றால் போதும். யாருக்கு வேண்டுமோ அவர்கள் வருவார்கள்.

நாற்காலியைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். "தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி வசதி உண்டு" என்ற வரி, நாற்காலியைச் சலுகையாக மாற்றிவிடுகிறது. யோகா மரபில் அதற்கு அப்படிப்பட்ட இடம் இல்லை. பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, கயிறு எல்லாவற்றையும் ஆசனத்தின் கருவிகளாகவே பயன்படுத்தினார். நன்றாக வளையும் மாணவர்களும் அவற்றோடுதான் பயின்றார்கள். அவருடைய குரு டி. கிருஷ்ணமாச்சாரியார் தம் கடைசிப் பல பத்தாண்டுகளைச் சென்னையில் கழித்து, 1989-இல் நூறு வயதில் காலமானவர். ஆளைப் பார்த்து ஆசனத்தை மாற்றிக் கொடுப்பதுதான் சென்னையில் அவர் வளர்த்த முறை. ஆகவே, "பயிற்சியில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை பயன்படுத்துகிறோம்" என்று எழுதினால் போதும். உண்மையும் அதுதான்.

இறுகிய உடம்போடு வருகிறவருக்கு ஒரே ஒரு ஆசனத்தை விளக்கிக் காட்டுவது பத்து உறுதிமொழிகளைவிடப் பயன்படும். நின்றபடி முன்னால் குனியும் ஆசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். கை தரைக்கு எட்டவில்லை என்றால், பெரும்பாலும் தொடையின் பின்தசை இறுகி இடுப்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் அந்த இழுப்பு தளர்ந்து, குனிவு இடுப்பிலிருந்து தொடங்கும். முதுகைக் கூன்போட்டுத் தரையைத் தொட முயல்வதைவிட இது மேல். நோட்டீஸில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "குனியும்போது முழங்காலை மடக்கி, கையை நாற்காலியின் மேல் வைத்துத் தொடங்குவோம்." படிப்பவர் மனதுக்குள் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவார்.

இனி அந்த நோட்டீஸை மாற்றி எழுதிப் பார்ப்போம். ஒரு சிறிய ஊரில் உள்ள ஒரு மையத்துக்கு இப்படி அமையலாம்:

"நிதான வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி காலை 7 முதல் 8 வரை. ஒரு வகுப்பில் பத்துப் பேர். முதல் பாதி நாற்காலியில், பிறகு நாற்காலியைப் பிடித்து நின்றபடி. கடைசிப் பத்து நிமிடம் ஓய்வு. பாயில் படுக்கலாம், நாற்காலியிலேயே இருக்கலாம். தரையில் அமர்ந்து எழும் முறையை இரண்டாம் வாரம் சொல்லித்தருகிறோம். முன்பு யோகா செய்திருக்க வேண்டியதில்லை. கால் அகட்ட வசதியான எந்த உடையும் சரி. சேலையில் வருபவர்கள் உண்டு. வகுப்பு தரைத்தளத்தில், வாசலில் மூன்று படிகள், கைப்பிடி இருக்கிறது. வெஸ்டர்ன் கழிப்பறை உண்டு. ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை."

இதில் "முதியோர்" என்ற சொல் இல்லை, "எளிய" இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. மூன்று படிகளைச் சொன்னதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மையம் இரண்டாவது மாடியில் இருந்து லிஃப்ட் இல்லையென்றால் அதையும் எழுதிவிட வேண்டும். ஆட்டோ பிடித்து வந்து படியைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் மறுபடி வரமாட்டார்.

உடல்நலம் பற்றிய வரிகளில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, "மூட்டுவலி, சர்க்கரை, பிரஷர் அனைத்தும் குணமாகும்" என்ற வாக்குறுதி. அதை அப்படியே எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, எல்லோருக்கும் ஒரே விதி. "வெறும் வயிற்றில் வரவும்" என்று பல நோட்டீஸ்களில் இருக்கும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் அப்படி வந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். "வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், பயிற்சிக்கு முன் என்ன சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்" என்பதே சரி. கண்நீர் அழுத்த நோய் இருப்பவருக்குத் தலைகீழ் நிலைகள் ஆகாது. எலும்பு மெலிந்தவருக்கு முதுகை வளைத்து ஆழமாகக் குனிவது ஆபத்து. இவற்றை நோட்டீஸில் பட்டியல் போட்டுப் பயமுறுத்தத் தேவையில்லை. "சேரும்போது ஒவ்வொருவரிடமும் உடல்நலம் பற்றித் தனியாகப் பேசுவோம்" என்று எழுதி, இருபத்தைந்து வயதுக்காரரிடமும் அதே கேள்விகளைக் கேட்டால் யார் மனதும் நோகாது.

படத்துக்கு, அந்த வகுப்பிலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை அவர்கள் சம்மதத்தோடு எடுத்துப் போடலாம். சிரித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கும் தாத்தா படம் வேண்டாம். எழுத்து பெரிதாக, வெள்ளைத் தாளில் கறுப்பாக இருக்கட்டும். கண்ணாடியைத் தேடாமல் போன் நம்பரைப் படிக்க முடிய வேண்டும்.

அந்த நம்பருக்கு அழைத்தால் எடுப்பவர் பேசும் முதல் வார்த்தையும் நோட்டீஸின் பகுதிதான். "உங்களுக்கு என்ன வயசு பாட்டி?" என்று அவர் தொடங்கினால் இத்தனை கவனமாக எழுதியதும் வீண். "சொல்லுங்கம்மா, எந்த நேரம் உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று தொடங்கலாம். படிகள், கழிப்பறை, உடை, கட்டணம், பயிற்றுநரோடு பேசும் நேரம் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிவைத்தால், யார் எடுத்தாலும் ஒரே பதில் கிடைக்கும்.