சின்ன லித்தியம் ஏன் பின்தங்குகிறது?

தண்ணீரில் சிறிதளவு லித்தியம் குளோரைடைக் கரைத்து, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் வீதம் மின்னழுத்தம் கொடுத்தால், லித்தியம் அயனி எதிர்மின் முனையை நோக்கி மணிக்குச் சுமார் 1.4 சென்டிமீட்டர் நகரும். லித்தியத்துக்குப் பதில் சீசியம் என்றால், அதே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர் போய்விடும். இரண்டு மடங்கு வேகம்.

இது எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. லித்தியம் அயனியின் ஆரம் 76 பிக்கோமீட்டர்தான். சீசியத்தின் ஆரம் 167. எடையிலும் சீசியம் 19 மடங்கு அதிகம். இரண்டுக்கும் ஒரே ஒரு நேர்மின்னூட்டம். ஆகவே மின்புலம் இரண்டையும் ஒரே விசையோடுதான் இழுக்கிறது. அப்படியிருக்க, சின்னதும் லேசானதுமான லித்தியம் ஏன் பின்தங்க வேண்டும்?

கரைசலில் பாயும் மின்சாரத்தில் யார் பங்கு எவ்வளவு என்று கண்டறியும் வழியை 1853-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹிட்டார்ஃப் காட்டினார். மின்சாரத்தைச் சிறிது நேரம் செலுத்திவிட்டு, ஒவ்வொரு மின்முனைக்கு அருகிலும் உப்பின் செறிவு எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். நீர்த்த லித்தியம் குளோரைடு கரைசலில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மட்டுமே லித்தியம் சுமக்கிறது. மீதி இரண்டு பங்கையும் குளோரைடு சுமக்கிறது. சீசியம் குளோரைடில் இருவருக்கும் ஏறக்குறைய சரிபாதி.

காரணம் தண்ணீரில் இருக்கிறது. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உண்டு. ஆகவே நேர்மின் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் முகத்தைக் காட்டித் திரளும். லித்தியம் சிறியது என்பதால் ஆக்சிஜன் அதன் மையத்துக்கு மிக அருகில், சுமார் 200 பிக்கோமீட்டர் வரை வந்துவிடும். சீசியத்தை அது 310 பிக்கோமீட்டருக்கு அப்பால்தான் நெருங்க முடியும். மின்புலத்தின் வலிமை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அப்படிக் கணக்கிட்டால், லித்தியத்தை ஒட்டிய நீர் மூலக்கூறு உணரும் மின்புலம், சீசியத்தை ஒட்டியது உணர்வதைப் போல 2.4 மடங்கு.

அதனால் லித்தியத்தைச் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் இறுக்கமாக அமர்கின்றன. அவற்றுக்கு வெளியே இரண்டாம் வரிசை நீரும் ஓரளவு கட்டுண்டு நிற்கிறது. இதைத்தான் நீரேற்ற உறை என்கிறோம். சீசியத்தைச் சுற்றி எட்டு மூலக்கூறுகள் வரை இருந்தாலும் பிடி தளர்வு. வந்த வேகத்தில் விலகி, வேறு மூலக்கூறுகளுக்கு இடம் கொடுத்துவிடும். நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடப்பவரும் வெறும் வேட்டியோடு நடப்பவரும் போலத்தான் லித்தியமும் சீசியமும்.

கரைசலில் நகரும் உருண்டையின் வேகத்திலிருந்து அதன் ஆரத்தைக் கணக்கிட ஸ்டோக்ஸ் தந்த சூத்திரம் உண்டு. லித்தியத்தின் வேகத்தை அதில் இட்டால் 238 பிக்கோமீட்டர் வருகிறது, அதாவது அதன் சொந்த ஆரத்தைப் போல மூன்று மடங்கு. உறையோடு சேர்ந்தே நகர்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஆனால் சீசியத்துக்கு அதே சூத்திரம் 119 என்கிறது. உண்மையான ஆரமே 167 என்னும்போது இது நடக்காத காரியம். தண்ணீரைத் துகளற்ற, தொடர்ச்சியான திரவமாகக் கருதும் சூத்திரம் அது. நகரும் அயனி ஏறக்குறைய ஒரு நீர் மூலக்கூறின் அளவே இருக்கும்போது அந்தக் கருதுகோள் நிற்பதில்லை.

ஆகவே உறையை, அயனியோடு நிரந்தரமாக ஒட்டிய ஓடு என்று நினைக்கக் கூடாது. லித்தியத்தின் நீரும் கணப்பொழுதில் இடம் மாறத்தான் செய்கிறது. சீசியத்தின் நீரை விடத் தாமதமாக மாறுகிறது, அவ்வளவே. தவிர, அயனி நகரும்போது சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் புதிதாகத் திரும்பி நிற்க வேண்டும். அந்தத் தாமதமும் ஒரு இழுவையாக அயனியைப் பின்னுக்கு இழுக்கிறது. வலுவான மின்புலம் கொண்ட லித்தியத்துக்கு இந்த இழுவையும் அதிகம்.

கார உலோகங்களின் வரிசையைப் பார்த்தாலும் இது புரியும். மோலார் கடத்துத்திறனின் வழக்கமான அலகில் லித்தியத்துக்கு 39, சோடியத்துக்கு 50, பொட்டாசியத்துக்கு 74 என்று வேகமாக ஏறுகிறது. பிறகு ருபிடியத்துக்கு 78, சீசியத்துக்கு 77 என்று ஏற்றம் நின்றுவிடுகிறது. பொட்டாசியத்தைத் தாண்டியதும் உறையின் பிடி பெரிதும் தளர்ந்துவிட்டதால், மேலும் தளர்வதற்கு அதிகம் இல்லை. அயனியின் சொந்தப் பருமன் தடையாகத் தொடங்குகிறது.

பழி தண்ணீர் மீதுதான் என்பதைச் சோதிக்க நேரடி வழி, தண்ணீரையே அகற்றிவிடுவது. லித்தியம் குளோரைடு சுமார் 605 டிகிரியிலும், சீசியம் குளோரைடு சுமார் 645 டிகிரியிலும் உருகும். உருகிய உப்பில் அயனிகள் மட்டுமே இருக்கும், உறை கிடையாது. அங்கே வரிசை தலைகீழாகிறது: உருகிய லித்தியம் குளோரைடு, உருகிய சீசியம் குளோரைடை விட மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது.