மூன்று அடைப்புகள், ஒரு முக்கோணம்

ஒரு தர்க்கக் கேள்வியைப் புள்ளிகளும் கோடுகளுமாக மாற்ற முடியும் என்று 1972-ல் ரிச்சர்ட் கார்ப் காட்டினார். கீழே உள்ள வாய்பாட்டில் அடைப்புக்கு ஓர் உறுப்பாவது உண்மையாகும்படி x, y, z-க்கு மதிப்பு தர முடியுமா?

```
(x ∨ y ∨ z) ∧ (¬x ∨ ¬y ∨ z) ∧ (¬x ∨ y ∨ ¬z)
```

∨ என்றால் 'அல்லது', ∧ என்றால் 'மேலும்', ¬ என்றால் 'இல்லை'.

ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு புள்ளி வையுங்கள், மொத்தம் 9. வெவ்வேறு அடைப்புகளைச் சேர்ந்த இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று மறுக்காவிட்டால் அவற்றைக் கோட்டால் இணையுங்கள். x-க்கும் ¬x-க்கும் கோடு கிடையாது. எண்ணினால் 21 கோடுகள் வரும்.

இனி கேள்வி ஒன்றுதான்: ஒன்றோடொன்று இணைந்த 3 புள்ளிகள், அதாவது 3 அளவுள்ள கிளிக், உண்டா? முதல் அடைப்பின் y, இரண்டாவதன் ¬x, மூன்றாவதன் ¬x ஆகியவை முக்கோணமாகின்றன. ஆகவே y உண்மை, x பொய். Z எதுவானாலும் சரி. மறுதிசையும் அப்படியே: சரியான மதிப்புகள் இருந்தால், அடைப்புக்கு ஓர் உண்மையான உறுப்பை எடுத்தாலே முக்கோணம் கிடைத்துவிடும்.

பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். ஒரே அடைப்புக்குள் கோடு போட்டால் x, y, z மூன்றுமே முக்கோணமாகிவிடும். தீர்வே இல்லாத வாய்பாட்டுக்கும் 'உண்டு' என்ற பொய்யான விடை வரும். வரைந்ததும் முதலில் இதைச் சரிபாருங்கள்.