சம மார்க் வாங்கியவர்களில் யார் முதலில்?

வகுப்புப் பட்டியல் பெயர் வரிசையில் இருக்கிறது: அருண் 78, கவிதா 78, தேவி 91. இதை மார்க் வாரியாக மாற்றினால் தேவி மேலே போவார். அருணும் கவிதாவும் ஒரே மார்க். அவர்களில் யார் முதலில் வருவார்? பெயர் வரிசைப்படி அருண்தானே என்று நினைப்போம். ஆனால் கணினி எந்த முறையில் அடுக்குகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

'செலக்‌ஷன் சார்ட்' என்ற முறையை எடுத்துக்கொள்வோம். அது பட்டியல் முழுவதையும் பார்த்து, அதிக மார்க் எடுத்தவரைக் கண்டுபிடித்து, முதல் இடத்தில் இருப்பவரோடு இடம் மாற்றிவிடும். தேவி முதலிடத்துக்கு வருகிறார், அங்கிருந்த அருண் தேவியின் பழைய இடமான கடைசிக்குப் போகிறார். விடை: தேவி, கவிதா, அருண். மார்க் வரிசை சரிதான். ஆனால் அருணையும் கவிதாவையும் ஒப்பிட்டு யாரும் மாற்றவில்லை. தேவிக்கு வழிவிட்டதில் அருண் கவிதாவைத் தாண்டிப் போய்விட்டார்.

'இன்செர்ஷன் சார்ட்' சீட்டுக்கட்டைக் கையில் அடுக்குவது போன்றது. ஒவ்வொருவராக எடுத்து, தன்னைவிடக் குறைந்த மார்க் உள்ளவர்களை மட்டும் தாண்டி முன்னே நகர்த்தும். கவிதாவின் மார்க் அருணுக்குச் சமம், எனவே தாண்டாமல் நிற்கிறார். தேவி இருவரையும் தாண்டுகிறார். விடை: தேவி, அருண், கவிதா. சமமானவர்களின் பழைய வரிசையைக் குலைக்காத இத்தகைய முறைக்கு 'நிலையான வரிசைப்படுத்தல்' என்று பெயர். இந்த நிலைத்தன்மை நூலிழையில் தொங்குகிறது. 'குறைவாக இருந்தால் தாண்டு' என்பதை 'குறைவாகவோ சமமாகவோ இருந்தால் தாண்டு' என்று எழுதிவிட்டால், கவிதா அருணை முந்திவிடுவார்.

குரோம் பிரவுசரில் இது நெடுநாள் சிக்கலாக இருந்தது. அதன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8, 10 அல்லது அதற்குக் குறைவான உறுப்புகள் கொண்ட பட்டியலுக்கு இன்செர்ஷன் சார்ட்டையும், அதைவிட நீண்டதற்கு நிலையற்ற 'குவிக் சார்ட்'டையும் பயன்படுத்தியது. எட்டுப் பேரை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக வந்த பட்டியல், நாற்பது பேர் கொண்ட வகுப்பில் கலைந்துபோகக்கூடும். 2018-இல் குரோம் 70 பதிப்பில் இது சரியானது. 2019-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை, வரிசைப்படுத்தல் நிலையானதாக இருந்தே தீர வேண்டும் என்று விதித்தது. பைத்தானில் டிம் பீட்டர்ஸ் 2002-இல் உருவாக்கிய 'டிம்சார்ட்' நிலையானது. சி++ மொழியின் வழக்கமான std::sort அந்த உறுதியைத் தருவதில்லை. அதற்கென std::stable_sort தனியாக இருக்கிறது.

நிலையான முறையிலும் ஒரு பொறி உண்டு. மார்க்கை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டுப் பட்டியலை அப்படியே தலைகீழாகத் திருப்பினால், சம மார்க் வாங்கியவர்களின் பெயர் வரிசையும் சேர்ந்தே திரும்பிவிடும். இறங்குவரிசை வேண்டுமானால் நேரடியாக அதையே கேட்க வேண்டும்.

உங்கள் மென்பொருள் எந்த முறையைப் பயன்படுத்துகிறது என்று தெரியாவிட்டால், இரண்டு தடவை அடுக்காதீர்கள். 'முதலில் மார்க், மார்க் சமமானால் பெயர்' என்று இரண்டு நிபந்தனைகளையும் ஒரே கட்டளையில் கொடுத்துவிடுங்கள்.