வினைகளின் வேகம் – 9: கடைசி அளவில்தான் கணக்கு

சென்ற வாரம் வில்லெல்மி 1850-இல் கரும்புச் சர்க்கரைக் கரைசலில் வினையின் வேகத்தை அளந்ததைப் பார்த்தோம். அவருக்கு ஒளியின் தளம் திரும்புவதை அளக்கும் கருவி வேண்டியிருந்தது. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் சோதனைக்குப் பியூரெட்டும் கடிகாரமும் போதும். அமிலத்தின் முன்னிலையில் மெத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரைத் தண்ணீர் உடைக்கும் வினை இது. ஜெர்மானிய வேதியியலர் ஆஸ்ட்வால்ட் 1880-களில் இதே வினையைக் கொண்டுதான் பல அமிலங்களின் வலிமையை ஒப்பிட்டார். எந்த அமிலத்தில் எஸ்டர் விரைவாக உடைகிறதோ, அதுவே வலிமை மிக்கது.

ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. ஒரு குடுவையில், மெத்தில் அசிட்டேட் ஒரு சோதனைக்குழாயில். இரண்டையும் 30 பாகை செல்சியஸில் வைத்த தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு எஸ்டரில் 5 மி.லி.யைப் பிப்பெட்டால் எடுத்து அமிலத்தில் விடுகிறோம். பிப்பெட் பாதி வடிந்த நொடியில் கடிகாரத்தை ஓட விடுகிறோம்.

உடனே கலவையில் 5 மி.லி. எடுத்து, ஐஸில் குளிரவைத்த காய்ச்சி வடித்த நீரில் கொட்டுகிறோம். குளிர்ச்சியாலும் அமிலம் நீர்த்துப்போவதாலும் வினை ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு சொட்டு பினாப்தலின் விட்டு, 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் V0 கிடைக்கும். பிறகு 20, 30, 60 நிமிடம் என்று அவ்வப்போது 5 மி.லி. எடுத்துத் தரம்பார்க்கும் அளவுகள் Vt. வினை முழுவதும் முடிந்த பின் எடுப்பது V∞.

இந்த மூன்று எண்களும் சொல்வது என்ன? ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினையூக்கி, அது செலவாவதில்லை. ஆகவே எல்லா அளவுகளிலும் அதன் பங்கு ஒன்றே. ஏறிக்கொண்டே போவது, எஸ்டர் உடைந்து உண்டாகும் அசிட்டிக் அமிலத்தின் பங்குதான். ஆக, V∞ − V0 என்பது தொடக்கத்தில் இருந்த எஸ்டருக்குச் சமானம். V∞ − Vt என்பது அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் எஸ்டருக்குச் சமானம். தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அதன் செறிவு மாறுவதாகத் தெரியாது. வினை முதல்வகை வினையாகவே நடக்கும்.

k = (2.303 / t) log [(V∞ − V0) / (V∞ − Vt)]

வாய்பாட்டில் இருப்பது விகிதம் என்பதால் காரத்தின் சரியான நார்மாலிட்டி கூடத் தேவையில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே புட்டிக் காரமாக இருந்தால் போதும். ஆனால் V∞ மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. அது பிசகினால் எல்லா k மதிப்புகளும் பிசகும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். V0 = 12.0 மி.லி., V∞ = 26.5 மி.லி.

| நிமிடம் | Vt (மி.லி.) | V∞ − Vt | k (நிமிடத்துக்கு) |
|---|---|---|---|
| 20 | 13.4 | 13.1 | 0.0051 |
| 30 | 14.1 | 12.4 | 0.0052 |
| 60 | 15.9 | 10.6 | 0.0052 |
| 90 | 17.4 | 9.1 | 0.0052 |
| 180 | 20.8 | 5.7 | 0.0052 |

மாறிலி மாறாமல் நிற்கிறது. எஸ்டர் பாதியாகக் குறைய 0.693-ஐ 0.0052-ஆல் வகுத்தால் சுமார் 133 நிமிடம்.

இனி V∞-ஐ எப்படி எடுப்பது என்ற கேள்வி. 24 மணி நேரம் பொறுத்திருக்க முடியாமல், கலவையில் ஒரு பகுதியைச் சூடான நீரில் வைத்து வினையை முடித்துவிடுவது வழக்கம். மெத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை சுமார் 57 பாகைதான். மூடி தளர்ந்திருந்தாலோ குளிர்விப்பான் இல்லாவிட்டாலோ, உடைவதற்கு முன்பே கொஞ்சம் எஸ்டர் ஆவியாகிப் போய்விடும். அப்படிப் போனதால் V∞ 26.5-க்குப் பதில் 25.5 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதே Vt அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் 20-ஆம் நிமிடத்துக்கு 0.0055 வரும்; 30, 60, 90 மூன்றுக்கும் ஏறக்குறைய 0.0057 வரும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 30 முதல் 90 நிமிடம் வரை மதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. வரைபடத்தில் புள்ளிகள் நேர்க்கோட்டில் உட்காருகின்றன. ஆனாலும் விடை பத்து சதவீதம் தவறு. 180-ஆம் நிமிடத்து அளவைச் சேர்த்தால்தான் 0.0059 என்று ஏறி, குட்டு வெளிப்படும். நேரம் ஆக ஆக k ஏறிக்கொண்டே போனால் V∞ குறைவாக எடுத்திருக்கிறோம். இறங்கிக்கொண்டே போனால் கூடுதலாக எடுத்திருக்கிறோம். ஒன்றரை மணி நேரத்தோடு சோதனையை முடித்துக்கொள்கிறவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது.

ஆகவே கலவையை நன்றாக மூடி, அதே தொட்டியில் மறுநாள் வரை விட்டுவைப்பதே நல்லது. 24 மணி நேரத்தில் பத்துக்கு மேற்பட்ட அரைவாழ்வு கழிந்துவிடும். அப்போதும் சிறு பங்கு எஸ்டர் சமநிலையில் உடையாமல் நிற்கும். எஸ்டரின் எடையைக் கொண்டு தாளில் கணக்கிட்டு V∞-ஐப் போடாமல், அளந்தே எடுக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கடற்கரையில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. முதலாவது வெப்பம். காலையில் தொடங்கும் சோதனை பிற்பகல் வரை நீளும். இந்த வினை 30 பாகையிலிருந்து 33-க்கு ஏறினாலே சுமார் 30 சதவீதம் வேகம் கூடும். குடுவையை மேசைமேல் வைத்துச் செய்தால், வெயில் ஏற ஏற k-யும் ஏறும். அதை V∞ பிழை என்று தவறாக எண்ணவும் கூடும். தொட்டியில் வெப்பமானி ஒன்று எப்போதும் நிற்க வேண்டும். ஒவ்வொரு அளவோடும் அதையும் குறித்துவைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பிழைகளையும் பிரித்தறிய முடியும்.

இரண்டாவது ஐஸ். மீன்பிடித் துறைமுகங்கள் உள்ள ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உவர்ப்பும் கடினத்தன்மையும் உள்ள நீரில் உறைந்த ஐஸில் பைகார்பனேட் இருக்கும். அதைக் கூம்புக்குடுவைக்குள் போட்டால் அமிலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். அப்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் வெளியேறும். கொஞ்சம் குளிர்ந்த நீரிலேயே தங்கிக் காரத்தைச் செலவழிக்கும். போடும் ஐஸின் அளவுக்கேற்ப ஒவ்வொரு முறையும் பிழை வேறாக இருக்கும். விளைவாக k ஏறியும் இறங்கியும் ஒழுங்கின்றிச் சிதறும். இதற்கு வழி எளியது: வாங்கிய ஐஸைக் குடுவையைச் சுற்றி வைக்க வேண்டும், உள்ளே குளிர்ந்த காய்ச்சி வடித்த நீர் மட்டுமே இருக்க வேண்டும்.

முடிவு நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. வெளிர் இளஞ்சிவப்பு வந்து சில நொடிகளில் மங்கினால், இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று காரம் விடக் கூடாது. மிச்சமிருக்கும் எஸ்டரைக் காரமும் உடைக்கும். அப்படி உண்டாகும் அமிலம் நிறத்தை அழிக்கும். எஸ்டர் அதிகமாக மிஞ்சியிருக்கும் தொடக்க அளவுகளில் இது கூடுதலாகத் தெரியும். குடுவை முழுக்கப் பரவிய முதல் இளஞ்சிவப்பையே முடிவாகக் கொண்டு, விரைந்து படித்துவிட வேண்டும்.

இதே சோதனையை 40 பாகையிலும் செய்து, இரண்டு மாறிலிகளிலிருந்து வினையின் கிளர்வு ஆற்றலைக் கணக்கிடுவதை அடுத்த வாரம் பார்ப்போம்.